வீடு காலி செய்ய நோட்டீஸ்: ரெண்டு மாசம் எந்தத் தேதியிலிருந்து, அட்வான்ஸ் எப்போ?

மூணாம்மாடி · 1 ஜூன், இரவு 9.10

நங்கநல்லூர்ல ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட். வாடகை 16,000, மெயின்டனன்ஸ் 2,000, அட்வான்ஸ் 1,20,000. 11 மாச அக்ரிமென்ட் போன வருஷம் மார்ச்சோட முடிஞ்சுது. புதுசா எழுதலை, அப்படியே ஓடுது. அதுல "இரு தரப்பினரும் இரண்டு மாதம் முன்னதாக எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும்"னு ஒரு வரி இருக்கு. ஜூலை 31 காலி பண்ணணும். முடிஞ்சுபோன அக்ரிமென்ட்டோட ரெண்டு மாசம் இப்பவும் செல்லுமா? லெட்டர்ல என்ன எழுதணும்? கடைசி ரெண்டு மாச வாடகையை அட்வான்ஸ்ல கழிச்சுக்கச் சொல்லலாமா?

சட்டம்பேசி · 1 ஜூன், இரவு 9.32

அக்ரிமென்ட் செத்துப்போச்சு. இப்ப நீங்க மாசாமாசம் வாடகைக்கு இருக்கிறவர். சொத்து மாற்றுச் சட்டம் 106-ம் பிரிவுப்படி 15 நாள் நோட்டீஸ் போதும். ஜூலை 15-க்குச் சொல்லிட்டுக் கிளம்புங்க.

கோர்ட் குமாஸ்தா · 1 ஜூன், இரவு 11.05

106-ஐப் பாதியில நிறுத்திட்டீங்க. அந்தப் பிரிவு ஆரம்பிக்கிறதே "மாறான ஒப்பந்தமோ உள்ளூர்ச் சட்டமோ வழக்கமோ இல்லாதபட்சத்தில்"னுதான். 15 நாள்ங்கிறது ஒண்ணுமே பேசிக்காதவங்களுக்கு. இவங்க ரெண்டு மாசம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க.

அக்ரிமென்ட் முடிஞ்ச பிறகும் குடியிருந்து, ஓனரும் வாடகை வாங்கிட்டே இருந்தா, 116-ம் பிரிவுப்படி அது மாசவாடகையா நீடிக்குது. பழைய கண்டிஷன்களும் கூடவே வரும்னுதான் பெரும்பாலும் எடுத்துக்கிறாங்க. மூணாம்மாடி, இன்னொண்ணும் யோசிங்க. அட்வான்ஸைத் திருப்பித் தரணும்ங்கிற வரியும் அதே பேப்பர்லதான் இருக்கு. நோட்டீஸுக்கு மட்டும் அது செத்த பேப்பர், அட்வான்ஸுக்கு உயிருள்ள பேப்பர்னு ஓனர்கிட்ட வாதாட முடியாது. ரெண்டு மாசத்தை ஒத்துக்கிட்டுப் போறது உங்களுக்குத்தான் நல்லது.

சட்டம்பேசி · 1 ஜூன், இரவு 11.20

சரி, ஆனா அட்வான்ஸே சட்டவிரோதம். தமிழ்நாட்டு 2017 வாடகைச் சட்டத்துல மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது. 48,000 போக மீதி 72,000-ஐ இப்பவே கேட்கலாம்.

கோர்ட் குமாஸ்தா · 2 ஜூன், காலை 6.50

அந்த மூணு மாசக் கணக்கைச் சொல்ற 11-ம் பிரிவும் "மாறான ஒப்பந்தம் இருந்தாலொழிய"ன்னுதான் தொடங்குது. இன்னிக்கு உங்களுக்கு முதல் வரி ராசியே இல்லை.

அந்தப் பிரிவோட ரெண்டாவது பாதிதான் இவருக்கு உபயோகம்: காலி பண்ணின ஒரு மாசத்துக்குள்ள, வாடகைக்காரர் தர வேண்டியதைக் கழிச்சுக்கிட்டு, டெபாசிட்டைத் திருப்பித் தரணும். 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில இருக்கு.

பழைய தரகர் · 2 ஜூன், காலை 7.15

தம்பி, முதல்ல தேதியைப் பாருங்க. இன்னிக்கு 2-ம் தேதி. இன்னிக்கே தபால்ல போட்டாலும் 4-ம் தேதி வாக்கிலதான் கைக்குப் போகும். ரெண்டு மாசம் அங்கேருந்து ஓடும். ஜூலை 31-னா மூணு நாலு நாள் இடிக்குது.

இந்த நாலு நாளைப் பிடிச்சுக்கிட்டுத்தான் மெட்ராஸ்ல ஒரு மாச வாடகையைக் கேட்பாங்க. "ஒண்ணாம் தேதிக்கு முன்னாடி சொல்லலை, அதனால ஜூன் கணக்குல வராது, ஜூலை ஆகஸ்ட்தான் ரெண்டு மாசம்"பாங்க. அக்ரிமென்ட்ல "ஆங்கில மாத முதல் தேதியிலிருந்து"ன்னு ஏதாவது இருக்கா?

மூணாம்மாடி · 2 ஜூன், காலை 8.02

இல்லை. வெறும் "இரண்டு மாதம்"தான்.

பழைய தரகர் · 2 ஜூன், காலை 8.20

அப்ப கடிதம் கைக்குப் போன தேதியிலிருந்து எண்ணுங்க. ஆகஸ்ட் 4 வரை வாடகை நான் தர்றேன், சாவியை ஜூலை 31 அன்னிக்கே ஒப்படைக்கிறேன்னு நீங்களே எழுதிடுங்க. 18,000-ஐ 31-ஆல வகுத்து நாலால பெருக்கினா 2,323 ரூபாய் வரும். அந்த 2,323-ஐ நீங்களா முன்வந்து எழுதிட்டா "நோட்டீஸ் குறைவு"ன்னு 18,000 பிடிக்க அவருக்குப் பிடிமானம் இருக்காது.

கோர்ட் குமாஸ்தா · 2 ஜூன், காலை 8.41

தரகர் சொன்னது சரி. 106-லயும் 2002 திருத்தத்துக்கு அப்புறம் நோட்டீஸ் கைக்குக் கிடைச்ச தேதியிலிருந்துதான் காலம் ஓடும். முன்னெல்லாம் வாடகை மாசம் முடியுற தேதியில நோட்டீஸும் முடியணும்னு இருந்தது. அந்தப் பழக்கம் இன்னும் பல ஓனர்கள் வாயில இருக்கு.

மேடவாக்கம் ஓனர் · 2 ஜூன், காலை 10.30

இதே நோட்டீஸை நான் கொடுத்தா ஆள் போவாரா? நாலு மாச வாடகை பாக்கி, அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்கன்னு உட்கார்ந்திருக்கார். அட்வான்ஸும் தீர்ந்துபோச்சு. ரெண்டு மாசம் டைம் கொடுக்கணுமா?

கோர்ட் குமாஸ்தா · 2 ஜூன், காலை 10.52

சார், இது வாடகைக்காரர் தானா கிளம்புற கேஸ். உங்களுது வாடகை பாக்கிக்காக வெளியேற்றுறது. அது வாடகை நீதிமன்றத்துக்குப் போற விஷயம், இங்க இருக்கிற லெட்டர் உதவாது. தனி இழை போடுங்க.

பழைய தரகர் · 2 ஜூன், காலை 11.10

ஆனா அவர் கதையில மூணாம்மாடி கேட்ட மூணாவது கேள்விக்குப் பதில் இருக்கு. அட்வான்ஸ்ல கழிக்கச் சொன்னா ஓனர் எப்படிப் பார்ப்பார்னு தெரியுதா? கையில பிடிப்பு போகுதுன்னு பார்ப்பார்.

மூணாம்மாடி · 2 ஜூன், மதியம் 1.15

புரியுது. ஆனா என் பயமும் இருக்கே. வாடகையும் கட்டி, சாவியும் கொடுத்துட்டு, 1,20,000-க்கு அலைய முடியாது. தெரிஞ்சவங்க எல்லாரும் கடைசி ரெண்டு மாசம் கட்டாதேன்னுதான் சொல்றாங்க.

கோர்ட் குமாஸ்தா · 2 ஜூன், மதியம் 2.00

ஓனர் எழுத்துல சம்மதிச்சா தாராளமா கழிக்கலாம். வாட்ஸ்அப்ல "சரி"ன்னு ஒரு வார்த்தை வந்தாலும் போதும். சம்மதம் இல்லாம நிறுத்தினா அது வாடகை பாக்கி. அதுவரைக்கும் பணம் தர வேண்டியவர் அவர். நிறுத்தின நாள்லேருந்து நீங்களும் கடன்காரர். நோட்டீஸ்ல எழுதின ஒழுங்கான கணக்கெல்லாம் அதோட கெட்டுப்போகும்.

நெட்டைச்சுவர் · 2 ஜூன், மதியம் 2.25

கோர்ட்டுக்குப் போற மாதிரியே பேசுறீங்க. 1,20,000-க்கு யார் கேஸ் போடுவா? அட்வான்ஸ் தராம இழுத்தடிச்சா வாடகைக்காரன் என்ன பண்ணுவான்? கட்டாம இருக்கிறதுதான் நடைமுறை. ஓனருக்கும் அது தெரியும்.

பழைய தரகர் · 2 ஜூன், மாலை 4.40

ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. நடுவுல ஒரு வழி உண்டு. ஜூன் வாடகையைக் கட்டிடுங்க. ஜூலை வாடகையை மட்டும் அட்வான்ஸ்ல கழிச்சுக்கச் சொல்லி லெட்டர்ல கேளுங்க. கேள்வியாத்தான் கேட்கணும், முடிவாச் சொல்லக் கூடாது. ஒரு மாசத்துக்குப் பெரும்பாலும் சரிம்பாங்க, ஏன்னா மொத்தமா 1,20,000 புரட்டுறதுக்கு 1,02,000 புரட்டுறது அவங்களுக்கும் லேசு. உங்க அட்வான்ஸ் அவர் பேங்க்ல அப்படியே தூங்கிட்டு இருக்கும்னு நினைக்காதீங்க. அது எப்பவோ செலவாகியிருக்கும். அடுத்து வர்றவர் கொடுக்கிற அட்வான்ஸ்தான் உங்களுக்கு வரும்.

அதனாலதான் லெட்டர்ல இன்னொரு வரி வேணும்: வீடு பார்க்க ஆள் கூட்டிட்டு வர நீங்க ஒத்துழைப்பீங்கன்னு. நேரமும் போடுங்க, மாலை 6-லிருந்து 8 வரைன்னு. இல்லைன்னா ஞாயித்துக்கிழமை காலையில குளிச்சிட்டு இருக்கும்போது கதவைத் தட்டுவாங்க.

மூணாம்மாடி · 2 ஜூன், மாலை 5.05

வாடகை போறது ஓனர் மகன் அக்கவுன்ட்டுக்கு. அக்ரிமென்ட் அம்மா பேர்ல. லெட்டர் யாருக்கு?

கோர்ட் குமாஸ்தா · 2 ஜூன், மாலை 5.30

அம்மாவுக்கு. அக்ரிமென்ட்ல இருக்கிற முகவரிக்கு. நகல் மகனுக்கு. மகனுக்கு மட்டும் வாட்ஸ்அப் போட்டா "எங்கம்மாவுக்கு நோட்டீஸே வரலை"ன்னு ஒரு நாள் வரும்.

தபால்ல ரெஜிஸ்டர்டு போஸ்ட் 2025-ல ஸ்பீட் போஸ்ட்டோட சேர்ந்துடுச்சு. கவுன்ட்டர்ல ஸ்பீட் போஸ்ட்ல பதிவு வசதியும், கையெழுத்து வாங்கி வர்ற ஒப்புகையும் வேணும்னு கேளுங்க. ரசீதை போட்டோ எடுத்து வைங்க, அந்த மை சீக்கிரம் மங்கிடும். அதே லெட்டரைக் கையெழுத்தோட படம் எடுத்து ரெண்டு பேருக்கும் வாட்ஸ்அப்ல அனுப்புங்க. பக்கத்துலயே இருந்தா நேர்ல கொடுத்து நகல்ல "பெற்றுக்கொண்டேன்" கையெழுத்தும் தேதியும் வாங்குறது எல்லாத்தையும் விட சுலபம். போஸ்ட்மேனுக்காக நாலு நாள் காத்திருக்கவும் வேண்டாம்.

லெட்டர் இப்படி இருந்தா போதும். "தயவுகூர்ந்து", "பரிசீலிக்குமாறு" எல்லாம் வேண்டாம்.

> பொருள்: வீட்டைக் காலி செய்வது குறித்த முன்னறிவிப்பு, வைப்புத்தொகை திரும்பப் பெறுவது
>
> அம்மா, தங்களுக்குச் சொந்தமான மேற்கண்ட முகவரி மூன்றாம் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். நமது ஒப்பந்தத்தின் இரண்டு மாத முன்னறிவிப்பு நிபந்தனைப்படி, வீட்டைக் காலி செய்வதை இக்கடிதம் மூலம் தெரிவிக்கிறேன். இக்கடிதம் தங்களுக்குக் கிடைத்த தேதியிலிருந்து இரண்டு மாதம் வரை உள்ள வாடகையும் பராமரிப்புத் தொகையும் என் பொறுப்பு. சாவியை ஜூலை 31 அன்று மாலை 5 மணிக்கு வீட்டிலேயே ஒப்படைக்கிறேன்.
>
> நான் செலுத்தியுள்ள வைப்புத்தொகை ரூ.1,20,000. ஜூலை மாத வாடகையும் பராமரிப்பும் சேர்ந்த ரூ.18,000-ஐ அதில் கழித்துக்கொள்ளத் தங்களுக்குச் சம்மதமா என்பதை ஜூன் 20-க்குள் தெரிவிக்க வேண்டுகிறேன். சம்மதம் இல்லையெனில் வழக்கம்போல் செலுத்திவிடுகிறேன்.
>
> பிடித்தம் ஏதும் இருப்பின் அதன் விவரத்தை ஜூலை 24-க்குள் எழுத்து மூலம் தெரிவித்து, மீதித் தொகையைச் சாவி ஒப்படைக்கும் அன்று கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டுகிறேன்.
>
> புதிதாக வருபவர்களுக்கு வீட்டைக் காட்ட, முன்கூட்டியே தெரிவித்தால் மாலை 6 முதல் 8 வரை ஒத்துழைக்கிறேன்.

"எப்போது தருவீர்கள்"னு கேட்டா "பார்க்கலாம்"னு பதில் வரும். தேதி போட்டுக் கேட்டா, அந்தத் தேதியை மறுக்கவாவது அவர் ஒரு வரி எழுதணும்.

ஒத்திவீடு · 2 ஜூன், இரவு 8.15

நான் 6 லட்சம் கொடுத்து மூணு வருஷ லீஸ்ல இருக்கேன், வாடகை கிடையாது. இந்த லெட்டரையே போடலாமா? 15 நாள் முன்னாடி சொன்னா 6 லட்சமும் ரெடியா இருக்குமா?

பழைய தரகர் · 2 ஜூன், இரவு 8.30

ஆறு லட்சத்தை 15 நாள்ல யாரும் புரட்ட மாட்டாங்க, ஐயா. ஒத்திக்கு மூணு மாசமாவது முன்னாடி சொல்லி, அடுத்த ஒத்திக்காரர் கிடைச்சாரான்னு நீங்களும் சேர்ந்து பார்க்கணும். பத்திரம் பதிவு பண்ணியிருக்கீங்களான்னு முதல்ல பாருங்க. மூணு வருஷம்னா கட்டாயம் பண்ணியிருக்கணும்.

மூணாம்மாடி · 4 ஜூன், இரவு 7.40

இன்னிக்கு நேர்லயே கொடுத்து நகல்ல கையெழுத்து வாங்கிட்டேன். ஆக ஆகஸ்ட் 4 சரி. ஜூலை வாடகையைக் கழிக்க முடியாது, கட்டிடுங்கன்னு மகன் உடனே சொல்லிட்டார். போகும்போது பெயின்ட்டுக்கு ஒரு மாச வாடகை பிடிப்போம்னும் சொன்னார். அக்ரிமென்ட்ல "வெளியேறும்போது வர்ணம் பூசும் செலவை வாடகைதாரர் ஏற்க வேண்டும்"னு இருக்கு, தொகை இல்லை.

சட்டம்பேசி · 4 ஜூன், இரவு 8.00

இந்த முறை முழுசாப் படிச்சுட்டு வந்திருக்கேன். 2017 சட்டத்தோட ரெண்டாவது அட்டவணையில சுவருக்கு வெள்ளையடிக்கிறது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்கிறது எல்லாம் வீட்டு ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், ஸ்விட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி இதெல்லாம் வாடகைக்காரர் பொறுப்பு.

கோர்ட் குமாஸ்தா · 4 ஜூன், இரவு 8.45

அட்டவணை சரி. ஆனா வேற மாதிரி ஒப்பந்தம் பேசிக்கிட்டிருந்தா எது ஜெயிக்கும்ங்கிறதுல வக்கீல்களுக்குள்ளயே ரெண்டு கட்சி. அந்தச் சண்டையை விடுங்க. இவர் அக்ரிமென்ட் வரியிலேயே வழி இருக்கு. அதுல "செலவு"ன்னுதான் இருக்கு, "ஒரு மாத வாடகை"ன்னு இல்லை. செலவுன்னா ஆகணும், ஆனதுக்குப் பில் வேணும். "பில்லைக் காட்டுங்க, அதுல என் பங்கைப் பேசுவோம்"னு எழுதுங்க. அடுத்த ஆள் பெயின்ட் அடிக்காமலே குடிவந்துட்டா செலவே இல்லை.

நெட்டைச்சுவர் · 4 ஜூன், இரவு 9.10

ஒரு மாச வாடகை பெயின்ட்டுக்குப் போறது மெட்ராஸ்ல வழக்கம். 106-லயே "வழக்கம்"னு இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க.

கோர்ட் குமாஸ்தா · 4 ஜூன், இரவு 9.25

அது நோட்டீஸ் காலத்துக்கான வழக்கம், பெயின்ட்டுக்கு இல்லை. ஆனா நல்ல மடக்கு, ஒத்துக்கறேன்.

பழைய தரகர் · 5 ஜூன், காலை 7.00

பில் கேட்டா பெயின்ட்காரர்கிட்ட 20,000-க்கே எழுதி வாங்கிட்டு வருவாங்க. அதுக்கும் தயாரா இருங்க. சுவர்ல சமையல் எண்ணெய்ப் புகை, நாள்பட்ட மங்கல் இதெல்லாம் குடியிருந்தா வர்றது. டிவி மாட்டின ஓட்டை, ஏசி ஸ்டாண்ட் ஓட்டை, குழந்தை கிறுக்கினது இதெல்லாம் உங்க கணக்கு. அதை ஜூலை கடைசி வாரம் நீங்களே ஒரு ஆளை வச்சு வால் புட்டி போட்டு அடைச்சுடுங்க. அடைச்ச இடம் மட்டும் வெள்ளையாத் தெரிஞ்சா பரவாயில்லை, ஓட்டை இல்லைங்கிறதுதான் முக்கியம்.

மூணாம்மாடி · 19 ஜூலை, இரவு 10.20

ஈ.பி. பத்தி ஒண்ணு. ரீடிங் எடுக்கிறது ஜூன் 20 வாக்குல, அடுத்தது ஆகஸ்ட் 20. நான் நடுவுல போறேன். யூனிட்டுக்கு இவ்வளவுன்னு மகன் அதிகபட்ச ரேட்டைச் சொல்றார்.

பழைய தரகர் · 20 ஜூலை, காலை 6.45

இது எல்லா வீட்லயும் வர்ற தகராறு. பில் ரெண்டு மாசத்துக்குச் சேர்த்து, படிப்படியா ஏறுற கட்டணம், முதல் 100 யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டினா கீழ்ப்படி ரேட்டே மாறிடும். உங்களுக்கு அப்புறம் வர்றவர் ஏசியை ஓடவிட்டுத் தாண்டினா, அந்த ஏத்தத்தை உங்க தலையில போடக் கூடாது. நீங்க முதல்ல ஓட்டினதால இலவசம் முழுசும் உங்களுக்கேன்னும் சொல்ல முடியாது, ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கணும்.

சுலபமான வழி இதுதான். சாவி கொடுக்கிற அன்னிக்கு மீட்டரைப் படம் எடுங்க, நம்பரும் மீட்டர் எண்ணும் ஒரே படத்துல வரணும். 1,500 ரூபாயைப் பிடிச்சு வச்சுக்கச் சொல்லுங்க. பில் வந்ததும் யூனிட் விகிதத்துல பிரிச்சு மீதியைத் தரட்டும். பழைய பில்லைப் பார்த்தா 1,500 போதுமான்னு தெரிஞ்சிடும்.

மூணாம்மாடி · 27 ஜூலை, மாலை 6.30

24-ம் தேதி தாண்டி இன்னிக்குத்தான் பதில் வந்துது. பெயின்ட் 16,000, கிளீனிங் 3,000. புது ஆள் அட்வான்ஸ் கொடுத்ததும் மீதி தர்றோம்னு. ஜூன், ஜூலை ரெண்டும் கட்டிட்டேன். என் கணக்கு: 1,20,000-ல 2,323, ஈ.பி.க்கு 1,500 போக 1,16,177. பணம் வர்ற வரைக்கும் சாவியைக் கொடுக்காம இருக்கலாமா?

நெட்டைச்சுவர் · 27 ஜூலை, மாலை 6.41

கொடுக்காதீங்க. இந்தக் கணக்குல உங்க கையில இருக்கிறது அது ஒண்ணுதான்.

கோர்ட் குமாஸ்தா · 27 ஜூலை, இரவு 8.10

சாவி உங்ககிட்ட இருக்கிற ஒவ்வொரு நாளும் "இன்னும் காலி பண்ணலை, வாடகை ஓடுது"ன்னு சொல்ல அவருக்கு வழி. ஆகஸ்ட் 4 வரை வாடகை நீங்க ஒத்துக்கிட்டதால அதுவரைக்கும் நெட்டைச்சுவர் சொன்னபடி வச்சிருக்கலாம், நஷ்டம் இல்லை. 5-ம் தேதியிலிருந்து நஷ்டம்.

அதனால 31-க்கு நேர்ல போய் "சாவி இதோ, கணக்கு இதோ"ன்னு நீட்டுங்க. வாங்கலைன்னா, நீட்டினதையும் வாங்க மறுத்ததையும் அன்னிக்கே தபால்லயும் வாட்ஸ்அப்லயும் எழுதுங்க. வாங்கினா ஒரு தாள்ல தேதி, நேரம், மீட்டர் ரீடிங், எத்தனை சாவி, கையெழுத்து. சட்டத்துல சொன்ன ஒரு மாசம் காலி பண்ணின நாள்லேருந்து ஓடுது, அந்த நாளுக்குச் சாட்சி இந்தத் தாள்தான். புது ஆள் வர்றவரைக்கும்னு எந்தச் சட்டத்துலயும் இல்லை, உங்க அக்ரிமென்ட்லயும் இல்லைன்னா அதையும் ஒரு வரி எழுதிடுங்க.

பழைய தரகர் · 27 ஜூலை, இரவு 8.35

3,000 கிளீனிங்கைப் பேசிக் குறைக்கலாம். நீங்களே ஆள் வச்சுக் கழுவிக் கொடுத்துட்டா 1,000-க்குள்ள முடியும். பெயின்ட்டுக்கு அவங்க பாதியில இறங்கி வருவாங்கன்னு என் கணிப்பு. 8,000-க்கு முடிஞ்சா முடிச்சுக்கிட்டு வாங்கன்னுதான் சொல்லுவேன், குமாஸ்தா ஒத்துக்க மாட்டார்.

கோர்ட் குமாஸ்தா · 27 ஜூலை, இரவு 8.50

ஒத்துக்க மாட்டேன். பில்லைக் காட்டட்டும்.

மூணாம்மாடி · 31 ஜூலை, இரவு 9.55

சாவி வாங்கிக்கிட்டாங்க, தாள்ல கையெழுத்தும் ஆச்சு. மீட்டர் படமும் இருக்கு. கிளீனிங்கை விட்டுட்டாங்க. இப்ப 50,000 போட்டிருக்காங்க, மீதி ஆகஸ்ட் 15-க்குள்ள. பெயின்ட் இன்னும் 16,000-லயே நிக்குது. 50,000-க்கு ரசீது எழுதிக் கொடுங்கன்னு ஒரு தாள் நீட்டினார், "அட்வான்ஸ் கணக்கு முடிந்தது"ன்னு முடியுது. நாளைக்குத் தர்றேன்னு எடுத்துட்டு வந்துட்டேன்.

கோர்ட் குமாஸ்தா · 31 ஜூலை, இரவு 10.12

அதுல கையெழுத்துப் போடாதீங்க. நீங்களே எழுதுங்க: "வைப்புத்தொகை ரூ.1,20,000-ல் பகுதியாக ரூ.50,000 ஜூலை 31 அன்று வங்கி மூலம் பெற்றுக்கொண்டேன். மீதித் தொகைக்கான உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. வர்ணம் பூசும் செலவுக்கான பிடித்தத்தை ஏற்கவில்லை." கீழ உங்க கையெழுத்து, தேதி. அதைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பிட்டு, ஆகஸ்ட் 15-னு அவர் சொன்னதையும் அதே மெசேஜ்ல எழுதி "உறுதி செய்யவும்"னு கேளுங்க.

பழைய தரகர் · 31 ஜூலை, இரவு 10.30

மீதி 66,177. அதுல 16,000-தான் சண்டை. 50,177-ஐ முதல்ல கேளுங்க, சண்டையில்லாத பணத்தைச் சண்டைப் பணத்தோட கட்டி வைக்க விடாதீங்க.